போன் அப்டேட்டுக்கு அப்புறம் பேங்க் ஆப்ல ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யலையா? அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க

ராத்திரி போன்ல செக்யூரிட்டி அப்டேட் ஓடி முடிஞ்சிருக்கும். காலைல போன் உங்க விரலுக்கு வழக்கம்போல திறக்குது. ஆனா பேங்க் ஆப் மட்டும் விரலை ஏத்துக்க மாட்டேங்குது. "பயோமெட்ரிக் மாறியிருக்கு, எம்பின் போட்டு லாகின் பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ் வரும். இல்லைன்னா எந்தக் காரணமும் சொல்லாம வெறும் "Something went wrong" மட்டும் வரும்.

இந்த நேரத்துல முக்கால்வாசிப் பேர் ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ஒண்ணு, போன் செட்டிங்ஸுக்குப் போய் பழைய ரேகையை அழிச்சுட்டு புதுசா பதியறது. இன்னொண்ணு, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடறது. ரெண்டுமே சில சமயம் சரியான மருந்துதான். ஆனா முதல் மருந்தா எடுத்தா, அதுவும் மாசத்தோட முதல் வாரத்துல எடுத்தா, கணக்குல பணம் இருந்தும் வாடகை கட்ட முடியாம உட்கார வேண்டியிருக்கும். ஏன்னு புரியணும்னா உங்க விரலுக்கும் பேங்குக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

உங்க ரேகை பேங்குக்குப் போறதே இல்லை

நிறைய பேர் நினைக்கிற மாதிரி பேங்க்கோட சர்வர்ல உங்க ரேகை கிடையாது. அது போனுக்குள்ளேயே, மத்த ஆப் எதுவும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனிப் பகுதியில இருக்கு. நீங்க ஆப்ல ஃபிங்கர்பிரின்ட் லாகினை முதல்முறை ஆன் பண்ணும்போது, போன் அந்த ஆப்புக்குன்னு ஒரு டிஜிட்டல் சாவியை உருவாக்கி அந்தத் தனிப் பகுதியில பூட்டி வைக்குது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் நீங்க விரல் வைக்கும்போது, "சரியான விரல்தான்"னு போன் உறுதி பண்ணி அந்தச் சாவியைப் பயன்படுத்த விடுது. ஆப் பார்க்கிறது அந்தச் சாவி வேலை செய்யுதா இல்லையாங்கிறதை மட்டும்தான். உங்க விரல் எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாது.

இந்தச் சாவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. போன்ல புதுசா ஒரு விரலைச் சேர்த்தாலோ, இருக்கிற எல்லா விரல்களையும் அழிச்சாலோ, ஸ்க்ரீன் லாக்கையே எடுத்துட்டாலோ, சாவி நிரந்தரமா செல்லாததா ஆயிடும். ஆண்ட்ராய்டு 7-லேர்ந்து இப்படித் தயாராகிற சாவிக்கு இதுதான் இயல்பான விதி. ஐபோன்லயும் ஆப் தயாரிக்கிறவங்க இதே மாதிரி கட்டுப்பாட்டை வைக்க முடியும், பேங்க் ஆப்கள் வைக்கிறதும் உண்டு.

இது தொந்தரவு மாதிரி தெரியும். ஆனா உங்க பணத்தைக் காப்பாத்துற விதியே இதுதான். உங்க ரூம்மேட்டுக்கு உங்க போன் பின் தெரியும்னு வெச்சுக்கோங்க. பின் தெரிஞ்சா அவர் தன் விரலையும் உங்க போன்ல சேர்த்துடலாம், ஒரு நிமிஷ வேலை. இந்த விதி இல்லைன்னா அடுத்த நிமிஷம் அதே விரலால உங்க பேங்க் ஆப்பும் திறந்துடும். விரல் பட்டியல் மாறினதும் சாவி செத்துப் போறதாலதான், ஆப் உங்ககிட்ட எம்பின் கேட்குது. அது ரூம்மேட்டுக்குத் தெரியாதுங்கிற நம்பிக்கையில.

அதனால ஒரு விஷயம் முக்கியம். நீங்க எந்த விரலும் சேர்க்கலை, அப்டேட்டும் எதுவும் வரலை, ஆனா "பயோமெட்ரிக் மாறியிருக்கு"ன்னு ஆப் சொல்லுது. அப்படின்னா உடனே போன் செட்டிங்ஸ்ல ஃபிங்கர்பிரின்ட் பட்டியலைப் பாருங்க. ரெண்டு விரல் பதிஞ்ச ஞாபகம் இருக்கு, அங்க மூணு இருக்குன்னா, அந்த மூணாவதை அழிச்சுட்டு, போன் பின்னையும் அப்பவே மாத்துங்க. வீட்டுல குழந்தைக்கோ அம்மாவுக்கோ நீங்களே சேர்த்துக் கொடுத்து மறந்துபோன விரலா இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதையும் யோசிச்சுக்கோங்க.

சரி, நான் விரலையே தொடலையே, அப்டேட் மட்டும்தானே வந்துச்சு?

அந்தச் சாவியில இன்னொரு குறிப்பும் சேர்ந்திருக்கும். அது உருவானப்போ போன்ல இருந்த ஆண்ட்ராய்டு பதிப்பும், செக்யூரிட்டி பேட்ச் எந்த மாசத்தோடதுங்கிறதும். யாராவது உங்க போனைத் திருடி, ஓட்டை இருக்கிற பழைய சாஃப்ட்வேரை ஏத்தி, சாவியை எடுக்கப் பார்த்தா வேலை செய்யக்கூடாதுங்கிறதுக்காக இந்த ஏற்பாடு. புது பேட்ச் வந்ததும் பழைய சாவியெல்லாம் புதுத் தேதிக்கு மாத்தி முத்திரை குத்தப்படணும். இதை போன் தானாவே பண்ணிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. நூத்துக்கணக்கான தடவை அப்டேட் வந்தும் ஒண்ணும் ஆகாம இருக்கிறதுக்கு அதுதான் காரணம். ஆனா அந்த இடத்துல போன் தயாரிப்பாளரோட சாஃப்ட்வேர் தடுமாறினாலோ, வர்ற பதிலை பேங்க் ஆப் சரியாக் கையாளத் தெரியாம இருந்தாலோ, சாவி கிடைக்காமப் போகுது. நல்லா எழுதின ஆப் "எம்பின் போடுங்க, திரும்ப ஆன் பண்ணிக்கலாம்"னு தெளிவாச் சொல்லும். மோசமா எழுதின ஆப் சுத்திக்கிட்டே இருக்கும்.

சில சமயம் அப்டேட்டே வேணும்னு ரேகையைத் திரும்பப் பதியச் சொல்லும். இதுக்கு நல்ல உதாரணம் 2019 அக்டோபர்ல சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்ல நடந்தது. சில சிலிக்கான் கவர்களை ஸ்க்ரீன் மேல போட்டா, பதியாத விரலுக்கும் போன் திறந்துச்சு. கவர்ல இருந்த கோடுகளையே சென்சார் ரேகைன்னு எடுத்துக்கிச்சு. தென் கொரியாவோட காக்கோ பேங்க், ஃபிங்கர்பிரின்ட் லாகினை ஆஃப் பண்ணச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாங்க. பிரிட்டன்ல நாட்வெஸ்ட், அந்தப் போன்களுக்கு மட்டும் ப்ளே ஸ்டோர்ல தன்னோட ஆப்பையே எடுத்துடுச்சு. அதே மாசம் சாம்சங் பேட்ச் கொடுத்துச்சு. கவரைக் கழட்டிட்டு, பழைய ரேகை எல்லாத்தையும் அழிச்சு, புதுசா பதியுங்கன்னு சொன்னாங்க. அப்படிப் பதிஞ்ச எல்லாருக்கும் அந்த நிமிஷமே பேங்க் ஆப் சாவி செத்திருக்கும். மேல சொன்ன விதிதான் காரணம். அங்க அப்டேட் பழுது இல்லை, அது பண்ண வேண்டிய வேலையைத்தான் பண்ணுச்சு.

எது உங்க பிரச்சினைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது

ஒரே ஒரு சோதனை போதும். போனை லாக் பண்ணிட்டு விரலால திறந்து பாருங்க.

போன் திறக்குது, பேங்க் ஆப் மட்டும் திறக்கலைன்னா, சென்சார் நல்லா இருக்கு, ரேகையும் நல்லா இருக்கு. ஆப்போட சாவிதான் போயிருக்கு. ஆப்புக்குள்ள மட்டும் சரி பண்ணணும், போன் செட்டிங்ஸ் பக்கமே போகாதீங்க.

போனே விரலுக்குத் திறக்கலைன்னா, அது சென்சார் பக்கம். அப்டேட்டுக்கு அப்புறம் போன் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவை பின் போட்டே ஆகணும். அதுக்கு முன்னாடி விரல் வேலை செய்யாது, அது பழுது கிடையாது. அஞ்சு தடவை தப்பா வெச்சா பொதுவா முப்பது செகண்ட் பூட்டிக்கும். விடாம முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தா, பின் போடற வரைக்கும் விரலையே கேட்காது. பின் போட்டும் சரியாகலைன்னா, மட்டமான டெம்பர்டு கிளாஸ் காரணமா இருக்கலாம். இந்த ஒரு நிலைமையிலதான் ரேகையைத் திரும்பப் பதியறது நியாயம்.

மூணாவது வகை, ஆப் லாகின் ஸ்க்ரீனுக்கே வராம, "இந்த டிவைஸ் பாதுகாப்பா இல்லை"ன்னு மூடிக்கிறது. இதுக்கும் விரலுக்கும் சம்பந்தமே இல்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆன்ல இருக்கிறது, ஸ்க்ரீனைப் பகிர்ற ஆப் ஓடறது, போன்ல பீட்டா சாஃப்ட்வேர் இருக்கிறது, இந்த மாதிரி விஷயங்களைத்தான் ஆப் பார்க்குது. அதையெல்லாம் அணைச்சுட்டுத் திரும்பத் திறந்து பாருங்க. அப்பவும் வரலைன்னா பேங்க்கோட அடுத்த ஆப் அப்டேட்டுக்குக் காத்திருக்கிறதுதான் வழி.

இன்னொரு சின்ன குழப்பம். சில பேர் போனை முகத்தால திறப்பாங்க, பேங்க் ஆப்ல அந்த ஆப்ஷனே வராது. ஆண்ட்ராய்டுல பயோமெட்ரிக்கை மூணு தரமாப் பிரிச்சிருக்காங்க. மேல சொன்ன சாவியைத் திறக்கிற உரிமை உயர்ந்த தரத்துக்கு மட்டும்தான். நிறைய போன்ல செல்ஃபி கேமராவை மட்டும் நம்பி வேலை செய்யற ஃபேஸ் அன்லாக் அந்தத் தரத்துக்கு வராது. அதனால அது பழுது இல்லை.

எங்க ஆபீஸ்ல நடந்த கதை

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிக்கிள்ஷிப் பண்ற ஒரு தம்பி. வாடகை 12,500 ரூபாய், மாசா மாசம் 5-ஆம் தேதி யுபிஐல ஓனருக்கு அனுப்புவார். ஒரு 4-ஆம் தேதி ராத்திரி போன் அப்டேட் ஆச்சு, அதுக்கப்புறம் அவரோட பேங்க் ஆப் விரலை ஏத்துக்கலை. மத்த ஆப் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அவர் போன் செட்டிங்ஸ் போய் ரேகையை அழிச்சுட்டு, திரும்பப் பதிஞ்சார்.

அந்த நொடியில என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. ஒரு ஆப்ல இருந்த பிரச்சினை நாலு ஆப்புக்குப் பரவிடுச்சு. பங்கு வாங்கற ஆப், மியூச்சுவல் ஃபண்ட் ஆப், இன்னொரு பேங்க் ஆப், எல்லாமே எம்பின் கேட்க ஆரம்பிச்சது. ரெண்டு வருஷமா விரல் மட்டுமே வெச்சுக்கிட்டிருந்த ஆளுக்கு எந்த ஆப்புக்கு எந்த நம்பர்னு எப்படி ஞாபகம் இருக்கும்? சம்பள அக்கவுன்ட் ஆப்ல மூணு தடவை தப்பா அடிச்சார், லாக் ஆயிடுச்சு. "எம்பின் மறந்துவிட்டதா"ங்கிற ஆப்ஷன்ல டெபிட் கார்டு விவரம் கேட்டுச்சு, கார்டு ஊர்ல அப்பாகிட்ட. அதோட பொறுமை போய் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டார்.

திரும்பப் போட்டப்போ ஆப் முதல்ல கேட்டது, பேங்க்ல பதிஞ்ச நம்பர் இருக்கிற சிம்மிலேர்ந்து ஒரு எஸ்எம்எஸ். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சு ஒரு வாரம். ஓடிபி உள்ளே வருது, ஆனா வெளியே எஸ்எம்எஸ் போகலை. ரீசார்ஜ் பண்ண பணம் வேணும், பணம் அந்த ஆப்புக்குள்ள இருக்கு. ரூம்மேட் போன்லேர்ந்து ரீசார்ஜ் பண்ணி, 5-ஆம் தேதி காலைல கார்டு நம்பரை அப்பாகிட்ட போன்ல கேட்டு வாங்கி, ஒருவழியா உள்ளே போனார்.

அப்பவும் முடியலை. புதுசா யுபிஐ ரிஜிஸ்டர் பண்ணினாலோ, போனோ சிம்மோ மாறினாலோ, முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல அனுப்ப முடியாது. ஐபோன்ல இந்தக் காலம் 72 மணி நேரம். ஒரே போன்ல அழிச்சுட்டுத் திரும்பப் போட்டாலும் அதைப் புது ரிஜிஸ்ட்ரேஷனாவே எடுத்துக்கிற ஆப்கள் உண்டு, அவரோடது அப்படி ஒண்ணு. கணக்குல 31,000 இருக்கு, போகக்கூடியது 5,000. லேப்டாப்ல நெட் பேங்கிங் போனா, ஓனர் பெனிஃபிஷியரி பட்டியல்ல இல்லை, ஏன்னா இதுவரைக்கும் யுபிஐல மட்டும்தான் அனுப்பியிருக்கார். புதுசா சேர்த்தா அந்த பேங்க்ல கொஞ்ச நேரம் காத்திருக்கணும், அதுக்கும் தொகை வரம்பு. கடைசியில ரூம்மேட் மொத்தத்தையும் கட்டினார், தம்பி மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

வாடகைங்கிறதால போச்சு. ஓனரைக் கூப்பிட்டுப் பேசலாம். அதே நாள்ல இஎம்ஐக்குப் பணத்தை இன்னொரு அக்கவுன்ட்டுக்கு மாத்த வேண்டியிருந்து, மாத்த முடியாம ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகியிருந்தா, பவுன்ஸ் சார்ஜோட கிரெடிட் ஸ்கோர்லயும் தெரிஞ்சிருக்கும். லோன் கொடுத்தவங்ககிட்ட ஃபிங்கர்பிரின்ட் கதை எடுபடாது.

அப்போ எந்த வரிசையில பண்ணணும்

முதல்ல போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி, பின் போட்டுத் திறங்க. அப்டேட் முடிஞ்ச கையோட இருக்கிற சில தடுமாற்றம் இதுலயே போயிடும். அப்புறம் ப்ளே ஸ்டோர்ல அந்த பேங்க் ஆப்புக்கு மட்டும் புது வெர்ஷன் வந்திருக்கான்னு பாருங்க. அப்டேட்டால பரவலா பிரச்சினை வந்திருந்தா பேங்க் தரப்புலயும் திருத்தம் வரும்.

அடுத்து, விரலை விட்டுட்டு எம்பின் போட்டு உள்ளே போங்க. ஆப்போட செட்டிங்ஸ்ல பயோமெட்ரிக் லாகின்னு இருக்கிறதை ஆஃப் பண்ணுங்க, ஆப்பை முழுசா மூடுங்க, திரும்பத் திறந்து ஆன் பண்ணுங்க. இந்த இடத்துலதான் பழைய சாவி போய், புதுச் சாவி உருவாகுது. சாவிதான் பிரச்சினைன்னா பெரும்பாலும் இங்கேயே முடிஞ்சிடும். வீடியோல இதை ஸ்க்ரீனோட காட்டியிருக்கேன், ரெண்டு நிமிஷ வேலை.

அதுவும் சரியாகலைன்னா போன் செட்டிங்ஸ்ல அந்த ஆப்பைத் திறந்து Clear cache அழுத்தலாம், அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆனா அதுக்குப் பக்கத்துலயே Clear storage அல்லது Clear data-ன்னு இன்னொண்ணு இருக்கும். அது அன்இன்ஸ்டால் பண்றதுக்குச் சமம், உங்க ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். கை தவறக்கூடாத இடம் இது.

எம்பின் ஞாபகம் இல்லைன்னா மூணாவது தடவை ஊகிச்சு அடிக்காதீங்க. ரெண்டு தப்பு ஆனதும் நிறுத்திட்டு, டெபிட் கார்டைக் கையில வெச்சுக்கிட்டு ரீசெட் பண்ணுங்க. அன்இன்ஸ்டால் பண்ணியே ஆகணும்னா, அன்னைக்கும் மறுநாளும் அனுப்ப வேண்டிய பெரிய தொகை எல்லாத்தையும் நெட் பேங்கிங்ல முதல்ல அனுப்பிடுங்க. என்இஎஃப்டி இப்போ ராத்திரி, ஞாயிறு, லீவு எதுவும் பார்க்காம 24 மணி நேரமும் ஓடுது. சிம்முல எஸ்எம்எஸ் போகுதான்னு நண்பருக்கு ஒண்ணு அனுப்பிப் பார்த்துக்கோங்க. ரெண்டு சிம் போன்னா பேங்க் நம்பர் எந்த சிம்முன்னும் பார்த்துக்கோங்க.

இன்னொரு ஆபத்து இருக்கு. இந்தப் பதட்டத்துல சில பேர் கூகுள்ல பேங்க் பேரையும் கஸ்டமர் கேர்னும் அடிச்சு, முதல்ல வர்ற நம்பருக்குக் கூப்பிடறாங்க. மோசடிக்காரங்க போலி நம்பரைப் போட்டு வெச்சுக் காத்திருக்கிற இடமே அதுதான். "பயோமெட்ரிக் அப்டேட் பண்ணித் தர்றோம், இந்த ஏபிகே ஃபைலைப் போடுங்க" அல்லது "ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க"ன்னு சொன்னா, கட் பண்ணிடுங்க. சாவி உங்க போனுக்குள்ள இருக்கு. வெளியேயிருந்து யாரும் அதை அப்டேட் பண்ண முடியாது, பேங்க் ஆளுங்களும் உட்பட. நம்பர் வேணும்னா உங்க டெபிட் கார்டுக்குப் பின்னாடி இருக்கு. ஏற்கனவே பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, cybercrime.gov.in-லயும் பதியலாம். பேங்குக்கும் அதே நேரத்துல சொல்லிடுங்க.

ஆபீஸ் ஆப்னா கதை கொஞ்சம் வேற

ஆபீஸ் மெயில், ஹெச்ஆர் ஆப் இதெல்லாம் உங்க போன்லேயே தனியா ஒரு வொர்க் ப்ரொஃபைலுக்குள்ள இருந்தா, விதி போடறது உங்க கம்பெனியோட ஐடி டீம். பயோமெட்ரிக் மாறினா பின் கேட்கணும், இத்தனை நாளுக்கு ஒருமுறை பின் போடணும், குறிப்பிட்ட மாச பேட்சுக்குக் கீழே இருந்தா திறக்கவே கூடாதுன்னு அவங்க வெச்சிருக்கலாம். அப்போ நீங்க போன்ல என்ன தலைகீழா நின்னாலும் மாறாது. ஐடிக்கு டிக்கெட் போடுங்க. போடும்போது ஆண்ட்ராய்டு வெர்ஷனையும் செக்யூரிட்டி பேட்ச் தேதியையும் எழுதுங்க. பெரும்பாலான போன்ல About phone-க்குள்ள Android version-ஐத் தொட்டாலோ, Software information-லயோ இருக்கும். அதை மட்டும் எழுதினாலே ரெண்டு நாள் மெயில் போக்குவரத்து மிச்சம்.

வொர்க் ப்ரொஃபைலை நீங்களா நீக்காதீங்க, உள்ளே இருக்கிற எல்லாமே அழிஞ்சிடும். ஆபீஸ் லாகினுக்கு நம்பர் காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்பைப் பத்தி இன்னும் கறாராச் சொல்றேன். அதுல விரல் வேலை செய்யலைன்னா போன் பின் போட்டுத் திறங்க, அன்இன்ஸ்டால் மட்டும் பண்ணாதீங்க. போனா ஆபீஸ் அக்கவுன்ட்டைத் திரும்பச் சேர்க்க அதே ஆபீஸ் அக்கவுன்ட்டுக்குள்ள போகணும், உள்ளே போக அந்த ஆப் கேட்கும். ஐடி டீம் ரீசெட் பண்ணித் தர்ற வரைக்கும் மெயிலும் கிடையாது, விபிஎன்னும் கிடையாது. லீவ் அப்ளை பண்ணக்கூட முடியாது.